வண்ணத் தாள்களில் திரைக்கதைத் திருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு முறை மாற்றம் வரும்போதும் முழுத் திரைக்கதையையும் புதிதாக அனுப்பிவிட்டால் போதாதா? நிறம் எதற்கு?

போதாது. படப்பிடிப்புக்குத் தயாராகும் நேரத்தில் ஒரு துறைத் தலைவரின் கையில் இருக்கும் திரைக்கதைப் பிரதி படிப்பதற்கான பிரதியாக மட்டும் இருப்பதில்லை. அது அவருடைய வேலைத்தாள். கலை இயக்குநர் தேவையான பொருள்களை அடிக்கோடிட்டிருப்பார், உடைப் பொறுப்பாளர் ஓரத்தில் எந்தக் காட்சிக்கு எந்த உடை என்று எழுதியிருப்பார், நடிகர் தம் வசனத்துக்கு அருகில் தமக்கு மட்டும் புரியும் குறிகளை இட்டிருப்பார். நான்கு வரிகள் மாறியதற்காக 98 பக்கங்களையும் புதிதாகக் கொடுத்தால், அந்தக் குறிப்புகளையெல்லாம் அவர் புதிய பிரதிக்கு மாற்றி எழுத வேண்டும்; மாறிய நான்கு வரிகள் எவை என்பதையும் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை நெருக்கும் நாள்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, குறிப்புகள் நிறைந்த பழைய பிரதியையே வைத்துக்கொள்கிறார்கள். ஒரே தளத்தில் இரண்டு திரைக்கதைகள் நடமாடத் தொடங்குவது இப்படித்தான்.

ஆகவே மாறிய பக்கங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதும், பெறுபவர் தம் பிரதியில் அதே எண்ணுள்ள பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிக்கொள்வதும் வழக்கமாயின. அந்தப் பக்கம் எந்தத் திருத்தத்தைச் சேர்ந்தது என்பதை நிறம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆனால் நிறம் மட்டும் இந்த முறையைத் தாங்கிவிடாது. பூட்டப்பட்ட பக்க எண், மாறிய வரிக்கு நேரே ஓரத்தில் இடும் நட்சத்திரக் குறி, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அச்சாகும் நிறப் பெயரும் தேதியும் ஆகிய மூன்றும் அதனுடன் சேர்ந்தே இயங்க வேண்டும்.

நிறங்களின் வரிசை என்ன? அதை நாங்கள் மாற்றிக்கொள்ளலாமா?

பரவலாக வழங்கும் வரிசை வெள்ளையில் தொடங்கி நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, கோல்டன்ராட் எனப்படும் அடர்ந்த பொன்மஞ்சள், பஃப் எனப்படும் வெளிர் சந்தன நிறம், சால்மன், செர்ரி என்று செல்கிறது. வரிசை தீர்ந்த பிறகும் திருத்தம் வந்தால் இரண்டாம் வெள்ளை, இரண்டாம் நீலம் என்று மறு சுற்று தொடங்கும். நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் பிற்பகுதி வரிசை வேறுபடுவதால், உங்கள் வரிசை எது என்பதை முதல் வெளியீட்டுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். கிடைக்காத தாள் நிறங்களை விட்டுவிடுவதில் தவறில்லை. பாதி வழியில் வரிசையை மாற்றுவதுதான் தவறு.

நிறத்தைக் கண் மட்டும் நம்பி அடையாளம் காண விடாதீர்கள். மஞ்சளும் பொன்மஞ்சளும் வெப்பநிற விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும். கருப்பு வெள்ளை நகலெடுக்கும் இயந்திரத்தில் எல்லா நிறங்களும் மறைந்துபோகும். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் குழுவில் இருக்கக்கூடும். அதனால் "நீலத் திருத்தம், 14 ஜூன்" என்பது போன்ற வரி ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுத்தாக இருந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், வண்ணத் தாள் கிடைக்காத இடத்தில் இந்தத் தலைப்பு வரியை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்; தலைப்பு வரி இல்லாத வண்ணத் தாளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

பக்கங்களைப் பூட்டுவது என்றால் என்ன? எப்போது பூட்ட வேண்டும்?

பூட்டிய பிறகு 49ஆம் பக்கத்தின் முதல் வரி எப்போதும் 49ஆம் பக்கத்தின் முதல் வரியாகவே நிற்கும். அதற்கு முந்தைய பக்கத்தில் எவ்வளவு சேர்த்தாலும் அது 49ஐக் கீழே தள்ளாது. மிகுந்தது 48A என்ற புதிய பக்கத்தில் விழும். எவ்வளவு நீக்கினாலும் பின்னால் உள்ளது மேலே ஏறி வராது. அந்தப் பக்கத்தின் அடியில் வெற்றிடம் இருந்துவிட்டுப் போகும். மூன்று பக்கங்கள் சுருங்கி ஒரே பக்கமாகிவிட்டால், அதற்கு "30-32" என்று எண் இடுவார்கள். 31ஆம் பக்கத்தைக் காணோமே என்று யாரும் தேடக் கூடாது என்பதற்காக.

காட்சி எண்களையும் இதேபோலப் பூட்ட வேண்டும். நீக்கிய காட்சியின் எண் "61 நீக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியாகத் திரைக்கதையில் நின்றுவிடும். அந்த எண்ணை வேறு காட்சிக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அட்டவணை, அழைப்புத்தாள், கிளாப் பலகை, ஒலிப்பதிவாளரின் அறிக்கை, படத்தொகுப்பாளரின் கோப்புறை ஆகிய எல்லாம் காட்சி எண்ணைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

எப்போது என்றால், துறைத் தலைவர்கள் திரைக்கதையைப் பிரித்துப் பட்டியல் போடுவதற்காகப் பிரதியைப் பெறும் நாளில். அந்த வெள்ளைப் பிரதிதான் அடித்தளம். அதற்கு முன்பு பூட்டினால், எழுத்து இன்னும் உருமாறிக்கொண்டிருக்கும் நிலையில் 12A, 12B என்று துண்டுப் பக்கங்கள் பெருகும். அதற்குப் பின்பு பூட்டினால், ஏற்கெனவே போட்ட பட்டியல்களின் எண்கள் பொருந்தாமல் போகும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்து, மாற்றம் வந்ததிலிருந்து தாள் கைக்கு வரும் வரை விளக்க முடியுமா?

98 பக்கத் திரைக்கதை ஒன்று வெள்ளையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 47ஆம் பக்கத்தில் 56ஆம் காட்சி தொடங்குகிறது. 48ஆம் பக்கத்தின் முக்கால் பகுதி வரை அது நீள்கிறது. மீதிக் கால் பக்கத்தில் 57ஆம் காட்சி தொடங்கி 49க்குச் செல்கிறது. எழுத்தாளர் மூன்று மாற்றங்கள் தருகிறார்: 56ஆம் காட்சியின் 47ஆம் பக்கப் பகுதியில் அரைப் பக்க வசனம் கூடுகிறது, 56க்கும் 57க்கும் நடுவில் மொட்டை மாடியில் கால் பக்கத்துக்கு ஒரு புதிய காட்சி வருகிறது, 52ஆம் பக்கத்தில் உள்ள, பக்கத்தின் எட்டில் மூன்று பங்கு அளவான 61ஆம் காட்சி நீக்கப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 47இல் அரைப் பக்கம் கூடியதால், அங்கே இருந்த அரைப் பக்கம் 48க்கு இறங்குகிறது. 48இல் ஏற்கெனவே இருந்த 56ஆம் காட்சியின் முக்கால் பக்கத்துடன் இது சேர்ந்து ஒன்றேகால் பக்கமாகிறது. 48 நிரம்பியது போக மிஞ்சிய கால் பக்கமும், புதிய காட்சியின் கால் பக்கமும், 57இன் தொடக்கமான கால் பக்கமும் 48A என்ற புதிய பக்கத்தில் விழுகின்றன. 48Aவின் அடியில் கால் பக்கம் வெறுமையாக இருக்கும். அது பிழையன்று, அந்த வெற்றிடம்தான் 49ஆம் பக்கத்தை அசையாமல் காக்கிறது. 52இல் "61 நீக்கப்பட்டது" என்ற வரி நிற்கிறது, பக்கம் சற்றுக் குறைவாக நிரம்பியிருக்கிறது, 53க்கு எதுவும் நேரவில்லை. ஆக நீல வெளியீடு நான்கே தாள்கள்: 47, 48, 48A, 52.

இந்த நான்கு தாள்களுக்கு மேலே ஒரு மாற்றக் குறிப்புத் தாள் வைக்கப்பட வேண்டும். அதில் பக்கவாரியாக, "47: காட்சி 56, வசனம் கூடியுள்ளது. 48: வரிகள் இறங்கியுள்ளன, சொல் மாற்றம் இல்லை. 48A: புதிய காட்சி, மொட்டை மாடி, விடியல், இடம், உடை, விளக்கு கவனிக்க. 52: காட்சி 61 நீக்கம்" என்று எழுதியிருக்கும். முதல் உதவி இயக்குநருக்கு இது அட்டவணைக் கணக்காக மாறுகிறது. 56ஆம் காட்சி எட்டில் நான்கு பங்கும் புதிய காட்சி எட்டில் இரண்டு பங்கும் கூட்டுகின்றன, நீங்கிய காட்சி எட்டில் மூன்று பங்கைக் குறைக்கிறது. மொத்தத்தில் எட்டில் மூன்று பங்கு கூடியிருக்கிறது. பக்க அளவில் இது சிறிதுதான். ஆனால் புதிய இடமும் விடியல் வெளிச்சமும் வந்திருப்பதால் நாள் அட்டவணையில் இது சிறிதன்று, இதைப் பக்கக் கணக்கு மட்டும் காட்டிக்கொடுக்காது.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் 57ஆம் காட்சியைப் பகலிலிருந்து மாலைக்கு மாற்றுகிறார். இது இளஞ்சிவப்பு வெளியீடு. காட்சித் தலைப்பு இப்போது 48Aவில் இருப்பதால் அந்தப் பக்கம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறிப்போவது மற்ற இரண்டும்தான்: 49ஆம் பக்கத்தில் அதே காட்சியின் நடுவில் "உச்சி வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது" என்று ஒரு விவரணை வரி இருக்கிறது, 51ஆம் பக்கத்தில் 60ஆம் காட்சியில் ஒருவர் "மத்தியானம் கடைக்கு வந்தானே" என்கிறார். நேரத்தை மாற்றும்போது அந்த நாளைக் குறிக்கும் சொற்களை முழுத் திரைக்கதையிலும் தேடிப் பார்த்த பிறகே பக்கங்களை வெளியிட வேண்டும். தேடினால் இளஞ்சிவப்பு மூன்று தாள்கள்: 48A, 49, 51. தேடாவிட்டால் ஒரே தாளை வெளியிட்டுவிட்டு, மறுநாள் இரண்டு தாள்களுக்காக மஞ்சளைத் தொட வேண்டிவரும்.

இந்த நிலையில் சரியாகச் செருகப்பட்ட பிரதியில் 1 முதல் 46 வரை வெள்ளை, 47, 48 நீலம், 48A, 49 இளஞ்சிவப்பு, 50 வெள்ளை, 51 இளஞ்சிவப்பு, 52 நீலம், 53 முதல் 98 வரை வெள்ளை. கடைசிப் பக்க எண் இன்னும் 98தான்; ஆனால் தாள்கள் 99. இந்தப் பட்டியலை முகப்புப் பக்கத்திலேயே நிறம், தேதி, பக்கங்கள் என்று அச்சிட்டு, ஒவ்வொரு வெளியீட்டுடனும் முகப்பையும் புதிதாகக் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் தம் பிரதியைத் தாமே சரிபார்த்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

ஓர் இடைக்குறிப்பு: வெள்ளைப் பிரதியை ஒருபுறம் மட்டுமே அச்சிட வேண்டும். தாள் மிச்சம் பிடிக்க இருபுறமும் அச்சிட்டால், 48ஐ எடுக்கும்போது 47உம் சேர்ந்து போய்விடும்.

புதிய காட்சிக்கு 56A என்று எண் கொடுப்பதா, A57 என்று கொடுப்பதா?

இரண்டும் வழக்கில் உள்ளன. எண்ணுக்குப் பின்னால் எழுத்து வந்தால் "56க்கு அடுத்தது" என்று பொருள். முன்னால் வந்தால் "57க்கு முந்தையது" என்று பொருள். எதைத் தேர்வது என்பதை உங்கள் கிளாப் பலகை முடிவு செய்யட்டும். ஒரு காட்சிக்குள் கேமராவின் ஒவ்வொரு புதிய அமைப்புக்கும் 56, 56A, 56B என்று எழுத்தைச் சேர்த்துப் பலகையில் எழுதும் முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்றால், 56A என்ற காட்சியும் 56இன் இரண்டாவது அமைப்பான 56Aவும் ஒன்றாகத் தெரியும். அவற்றைப் படத்தொகுப்பு மேசையில் பிரிப்பது பெரும்பாடு. அங்கே A57தான் சரி. ஷாட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் மட்டும் இடும் குழுவுக்கு 56A எந்தக் குழப்பமும் தராது. எந்த முறையானாலும் I, O ஆகிய இரண்டு எழுத்துகளையும் தவிர்த்துவிடுங்கள், கையெழுத்தில் அவை 1, 0 என்றே தெரியும்.

நட்சத்திரக் குறியை எங்கே, எத்தனை இட வேண்டும்?

மாறிய ஒவ்வொரு வரிக்கும் நேரே வலது ஓரத்தில் ஒன்று. ஒரு பக்கம் ஏறத்தாழ முழுவதுமே மாறியிருந்தால் வரிக்கு வரி இடாமல் பக்க எண்ணுக்கு அருகில் ஒரே நட்சத்திரம் போதும். எல்லா வரியிலும் குறி இருந்தால் எந்த வரியிலும் இல்லாததற்குச் சமம். நீக்கப்பட்ட வரி பக்கத்தில் இல்லாததால் அதற்குக் குறி இட இடமில்லை, ஆகவே அது இருந்த இடத்துக்கு அடுத்துள்ள வரியில் குறி இட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வசனம் நீங்கியதை அறியாத நடிகர் அதைப் பேசிவிடுவதும், எதிரில் இருப்பவர் திகைத்து நிற்பதும் இதனால்தான்.

அடுத்த நிறத்தைத் தொடங்கும்போது முந்தைய நிறத்தின் குறிகளை நீக்கிவிட வேண்டும். இளஞ்சிவப்பு 48Aவில் இளஞ்சிவப்பில் மாறிய தலைப்புக்கு மட்டுமே நட்சத்திரம் இருக்க வேண்டும். நீலத்தில் புதிதாக வந்த மொட்டை மாடிக் காட்சிக்கு இப்போது குறி இருக்கக் கூடாது. திருத்த முறை உள்ள ஃபைனல் டிராஃப்ட் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு நிறமும் தனித் தொகுப்பாக இருப்பதால் இதைச் செய்வது எளிது. ஆனால் புதிய தொகுப்பைத் தேர்ந்தெடுக்காமலே தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டால் மாற்றங்கள் பழைய நிறத்திலேயே பதிவாகிவிடும். எதுவும் மாறாத வரிகளில் குறிகள் தெரிந்தாலும், மாறிய வரிகளில் தெரியாவிட்டாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கோப்பு யாரிடம் இருக்க வேண்டும்? எழுத்தாளரும் இயக்குநரும் இருவருமே திருத்துகிறார்கள்.

திருத்துபவர் எத்தனை பேராக இருந்தாலும் பூட்டிய கோப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். சில தயாரிப்புகளில் இதற்கென்றே திரைக்கதை ஒருங்கிணைப்பாளர் இருப்பார்; சிறு குழுவில் இணை இயக்குநரோ உதவி இயக்குநர்களில் ஒருவரோ பொறுப்பேற்கலாம். மற்றவர்கள் தங்கள் மாற்றத்தைத் தனித் தாளிலோ குறிப்பாகவோ அவரிடம் தர வேண்டும்; அவர் மட்டுமே அதைக் கோப்பில் ஏற்றி, நிறம் கொடுத்து வெளியிட வேண்டும். இருவர் கையில் இரண்டு கோப்புகள் இருந்தால், ஒரே வாரத்தில் இரண்டு நீலங்கள் பிறந்துவிடும். இரண்டிலும் 47ஆம் பக்கம் நீலமாக இருக்கும், ஒன்றில் உள்ள வசனம் மற்றதில் இருக்காது. எந்த நிறத்தாலும் அதை வெளிக்காட்ட முடியாது.

எல்லோரும் புதிய பக்கத்தை வைத்திருக்கிறார்கள் என்று எப்படி உறுதி செய்வது? அனுப்பியாகிவிட்டது என்றால் போதுமா?

அனுப்புதல் வேறு, பழைய தாள் நீங்குதல் வேறு. அச்சுப் பிரதி என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் எண் இட்டு, பெற்றவர் பெயருக்கு எதிரே நிறவாரியாகக் கையொப்பம் வாங்கும் பதிவேடு வேண்டும். கையொப்பம் வாங்கும்போதே பழைய 48Aவைத் திரும்பப் பெற்றுக்கொள்வது இன்னும் நல்லது. அதில் குறிப்புகள் இருந்தால் அவர் கண்முன்னே புதிய தாளுக்கு எழுதிக்கொள்ளட்டும். அலுவலகத்தில் ஒரு தொகுப்பு மட்டும் எல்லா நிறத்தின் எல்லாப் பக்கங்களோடும் அழியாமல் இருக்க வேண்டும்.

அழைப்புத்தாளின் தலையில் "நடப்புத் திரைக்கதை: இளஞ்சிவப்பு, 16 ஜூன்" என்று ஒவ்வொரு நாளும் அச்சிடுங்கள். அது இளஞ்சிவப்பு என்கிறது, தம்மிடம் இளஞ்சிவப்பே இல்லை என்று காண்பவர் தாமாகவே கேட்டு வருவார். மறுநாள் எடுக்கப்போகும் காட்சி முந்தைய மாலையில் மாறினால், இவை எதையும் நம்பியிருக்கக் கூடாது. அந்தக் காட்சியில் பேசும் நடிகர்களையும், மாற்றக் குறிப்பில் பெயர் வரும் துறைத் தலைவர்களையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, "உங்களிடம் 48A எந்த நிறம்?" என்று கேட்க வேண்டும். "பக்கம் வந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் வந்தது என்றுதான் சொல்வார்கள். நிறத்தைக் கேட்டால் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மறந்துபோகும் இன்னொரு வழி, சைட்ஸ் எனப்படும் அன்றைய காட்சிகள் மட்டும் அடங்கிய சிறு அளவுத் தாள்கள். அவற்றை முந்தைய நாள் மதியமே அச்சிட்டு வைத்துவிட்டு, மாலையில் திருத்தம் வந்ததும் முழுப் பக்கங்களை மட்டும் மாற்றிவிடுவார்கள். காலையில் தளத்தில் உள்ள எல்லோரும் கையில் பிடித்திருப்பது முழுத் திரைக்கதையை அன்று, சைட்ஸைத்தான். ஆகவே திருத்தம் வெளியான நிமிடமே அச்சிட்ட சைட்ஸ் செல்லாததாகிவிட வேண்டும். அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

தளத்திலேயே வசனத்தை மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமா?

இல்லை. எடுத்துக்கொண்டிருக்கும் காட்சிக்குள் மட்டும் நிற்கும் மாற்றத்தை, ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் அல்லது தொடர்ச்சியைக் கவனிக்கும் உதவி இயக்குநர் தம் பிரதியில் எந்த டேக்கில் எப்படிப் பேசப்பட்டது என்று குறித்துக்கொண்டால் போதும். அது படத்தொகுப்பாளருக்குப் போகும் பதிவு. எடுத்து முடித்த காட்சியின் பக்கத்தை நடந்ததற்கு ஏற்பத் திருத்தி வண்ணத் தாளாக வெளியிடக் கூடாது. அது இனி எடுக்கப்போவதைச் சொல்லும் தாள்களுக்குள் நடந்து முடிந்ததைக் கலந்துவிடும். படமாக்கியபடியான திரைக்கதையைப் பின்னால் தனி ஆவணமாகத் தயாரித்துக்கொள்ளலாம்.

அந்த மாற்றம் இன்னும் எடுக்காத ஒரு காட்சியைத் தொட்டால் கதை வேறு. ஒரு பாத்திரம் "தங்கை" என்பதற்குப் பதிலாக "அக்கா" என்று பேசிவிட்டது, இயக்குநரும் ஏற்றுக்கொண்டார் என்றால், அதே உறவைச் சொல்லும் எடுக்கப்படாத காட்சிகள் எல்லாம் அன்று மாலைக்குள் அடுத்த நிறத்தில் வெளிவர வேண்டும்.

நாங்கள் தாளே பயன்படுத்துவதில்லை. எல்லோரும் டேப்லெட்டில் படிக்கிறார்கள். இதெல்லாம் இன்னும் தேவையா?

தாளின் நிறம் தேவையில்லாமல் போகலாம்; பூட்டிய எண்ணும் தலைப்பு வரியும் நட்சத்திரமும் அப்படியே தேவை. மாறிய பக்கங்களின் பின்னணிக்கு வெளிர்நிறம் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கினால் கண்ணுக்கும் உதவும். மாறிய பக்கங்கள் மட்டும் அடங்கிய கோப்பு ஒன்று, அவற்றைச் செருகிய முழுக் கோப்பு ஒன்று என இரண்டையும் அனுப்புங்கள். முன்னது மாற்றத்தைப் படிக்க, பின்னது அதை வைத்து வேலை செய்ய. முழுக் கோப்பை மாற்றினால் பழைய கோப்பில் இட்ட கைக்குறிப்புகள் வராது என்பதுதான் டேப்லெட்டின் இடர். குறிப்புகளைப் புதிய கோப்புக்கு எடுத்துச் செல்லும் செயலிகள் இருக்கின்றன, பக்க எண்கள் பூட்டப்பட்டிருந்தால் அந்த மாற்றம் எளிதாகிறது.

கோப்புப் பெயரில் வரிசை எண்ணை நிறத்துக்கு முன்னால் வையுங்கள். நிறப் பெயரை மட்டும் வைத்து அகர வரிசையில் அடுக்கினால் புதியது எங்கோ நடுவில் போய் உட்காரும்.

```
PADAM_00_WHITE_2025-06-02_FULL.pdf
PADAM_01_BLUE_2025-06-14_PAGES.pdf
PADAM_01_BLUE_2025-06-14_FULL.pdf
PADAM_02_PINK_2025-06-16_PAGES.pdf
PADAM_02_PINK_2025-06-16_FULL.pdf
```

"இறுதி", "இறுதி புதிது", "உண்மையான இறுதி" என்ற பெயர்களுக்குத் தடை விதியுங்கள். குழு அரட்டையில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். தலைப்பு வரி வெட்டுப்பட்ட படம் எந்தத் திருத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது, அது மூன்று வாரம் கழித்தும் யாருடைய கைபேசியிலாவது இருக்கும்.

எங்களிடம் திரைக்கதை மென்பொருள் இல்லை. சாதாரணச் சொற்செயலியில்தான் எழுதுகிறோம். பக்கங்களைப் பூட்ட வழி உண்டா?

சாதாரணச் சொற்செயலியில் பக்கத்தைப் பூட்டும் வசதி இல்லை. ஓரிடத்தில் இரண்டு வரி சேர்த்தால் கடைசி வரை எல்லாம் நகரும். ஆனால் எளிய மாற்று ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியையும் புதிய பக்கத்தில் தொடங்குங்கள். பக்க எண்ணைத் தொடர் எண்ணாக இடாமல் காட்சியோடு கட்டி, 56-1, 56-2 என்று எழுதுங்கள். 56ஆம் காட்சி நீண்டால் 56-3 என்ற தாள் கூடும், அவ்வளவே. 57-1ஐ அது தொடாது. எடுத்துக்காட்டில் வந்த நீல வெளியீடு இந்த முறையில் 56ஆம் காட்சியின் தாள்கள், புதிய காட்சிக்கு ஒரு தாள், "61 நீக்கப்பட்டது" என்ற ஒரு தாள் என்றாகிவிடும்.

இதற்கு விலை உண்டு. கால் பக்கக் காட்சிகளும் ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள்வதால் தாள் எண்ணிக்கை பெருகும். தாள்களை எண்ணிப் படத்தின் நீளத்தையோ நாளின் வேலையையோ மதிப்பிட முடியாது. ஒவ்வொரு காட்சித் தலைப்பிலும் அதன் நீளத்தைப் பக்கத்தின் எட்டில் எத்தனை பங்கு என்று கையால் எழுதிவைக்க வேண்டும். நட்சத்திரங்களையும் கையால்தான் இட வேண்டும். அதற்கு முன் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதியால் மாறிய வரிகளைக் கண்டுகொண்டால் எதுவும் தப்பாது.

துண்டுப் பக்கங்கள் பெருகி, திரைக்கதையைப் புரட்டவே முடியவில்லை. மீண்டும் ஒழுங்காக எண் இடலாமா?

பக்கங்களுக்கு இடலாம், காட்சிகளுக்குக் கூடாது. பக்கங்களில் பாதிக்கு அருகில் மாறிவிட்டன என்றாலோ, 48க்கும் 48Aவுக்கும் நடுவில் A48A என்றெல்லாம் பக்கங்கள் முளைக்கத் தொடங்கினாலோ, அடுத்த நிறத்தை முழு வெளியீடாகத் தருவது நல்லது. பக்கங்களைத் திறந்து, 1இலிருந்து ஒழுங்காக எண் இட்டு, மறுபடி பூட்டி, எல்லாப் பக்கங்களையும் அந்த ஒரே நிறத்தில் அச்சிட வேண்டும். எல்லோருக்கும் குறிப்புகளை மாற்றி எழுத நேரம் வேண்டுமாகையால், படப்பிடிப்பு இல்லாத நாளுக்கு முந்தைய மாலையே இதற்கு ஏற்றது.

பூட்டாத கோப்பிலிருந்து தவறுதலாக வெளியிட்டிருக்கிறோமா என்று விரைவாகக் கண்டறிவது எப்படி?

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எடுத்துக்காட்டுத் திரைக்கதையில் அது 98ஆகவும் அதன் முதல் வரி வெள்ளைப் பிரதியில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 99 என்று இருந்தாலோ, எங்கும் A பக்கங்களே இல்லாமல் சேர்க்கைகள் மட்டும் இருந்தாலோ பூட்டு திறந்துவிட்டது. கடைசி எண் மாறாமலே நடுவில் நகர்ந்திருப்பதும் உண்டு, சேர்த்ததும் நீக்கியதும் ஈடுகட்டிக்கொள்ளும்போது. அதனால் மாறாத பக்கங்களில் இரண்டு மூன்றை எடுத்து அவற்றின் முதல் வரியையும் ஒப்பிடுங்கள். நீக்கிய காட்சியின் எண் திரைக்கதையில் வரியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். 60க்கு அடுத்து வேறொரு காட்சி 61 என்று வந்திருந்தால் காட்சி எண்களும் நகர்ந்துவிட்டன.

வெளியிட்ட பின் இது தெரியவந்தால், அதே நிறத்தில் சத்தமின்றித் திருத்திய பிரதியை மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டு நீலங்கள் உலவும் நிலை இதனாலும் வரும். தவறிய நீலம் செல்லாது என்று எழுத்தில் அறிவித்து, கொடுத்த தாள்களைத் திரும்பப் பெற்று, பூட்டிய கோப்பிலிருந்து எடுத்த பக்கங்களை இளஞ்சிவப்பாக வெளியிடுங்கள். முகப்புப் பட்டியலில் நீலத்துக்கு எதிரே "திரும்பப் பெறப்பட்டது" என்று அச்சிடுங்கள்.